ஊரின் சராசரி வருமானம் யாருடைய வருமானம்?

ஓர் ஊரில் குடும்பங்களின் சராசரி வருமானம் மாதம் 60,000 ரூபாய் என்று நாளிதழில் ஒரு வரி வந்தால், அந்த எண்ணை இரண்டு விதமாகக் கணக்கிட்டிருக்க முடியும். ஊரிலுள்ள எல்லாக் குடும்பங்களின் வருமானத்தையும் கூட்டி, குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது கூட்டுச் சராசரி. பேச்சில் வெறுமனே சராசரி என்றால் பெரும்பாலும் இதுதான். அதே குடும்பங்களை வருமானப்படி குறைவிலிருந்து அதிகத்துக்கு வரிசையாக நிறுத்தி, சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானத்தை எடுத்தால் அது இடைநிலை வருமானம். அதற்குக் கீழே பாதிப் பேர், மேலே பாதிப் பேர். குடும்பங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நடுவில் நிற்கும் இரண்டு குடும்பங்களின் வருமானத்தைக் கூட்டி இரண்டால் வகுப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் இரண்டும் ஒரே பாடத்தில் வருவதால், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சொன்னாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்ற நினைப்பு பலருக்கும் தங்கிவிடுகிறது. ஒரு வகுப்பு மாணவர்களின் உயரத்தைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய உண்மையும்கூட. எவ்வளவு நெட்டையான பையனும் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு உயரமாக இருப்பதில்லை. வருமானம் அப்படியல்ல. கீழே பூஜ்யத்தில் ஒரு தரை உண்டு, மேலே கூரை இல்லை. சம்பள உயர்வு சதவீதத்தில் வருகிறது. வாடகையும் வட்டியும் பங்கு ஈவுத்தொகையும் ஏற்கெனவே சொத்து வைத்திருப்பவரிடமே போய்ச் சேர்கின்றன. அதனால் எந்த ஊரை எடுத்தாலும் குடும்பங்களில் பெரும்பகுதி ஒரு பக்கம் நெருக்கமாகக் குவிந்திருக்க, சிலர் மட்டும் மறுபக்கம் வெகுதூரம் தள்ளி நிற்பார்கள். இந்தச் சிலர் சராசரியைத் தங்கள் பக்கம் இழுத்துவிடுகிறார்கள். இடைநிலையை அவர்களால் இழுக்க முடிவதில்லை.

பதினொரு வீடுகள் மட்டுமே உள்ள ஒரு தெருவைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முதியோர் உதவித்தொகையையும் மகன் அனுப்பும் பணத்தையும் வைத்து ஓட்டும் பாட்டி வீட்டுக்கு மாதம் 9,000 ரூபாய். அடுத்தடுத்து 12,000, 14,000, 15,000, 18,000 என நான்கு கூலிக் குடும்பங்கள். டீக்கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கு 20,000. தையல்காரருக்கு 22,000, லாரி டிரைவருக்கு 26,000, மளிகைக் கடைக்காரருக்கு 34,000, அரசுப் பள்ளி ஆசிரியருக்கு 55,000. தெருக்கோடியில் அரிசி ஆலை முதலாளியின் வீடு. அங்கே மாதம் 4,35,000. எல்லாவற்றையும் கூட்டினால் 6,60,000. பதினொன்றால் வகுத்தால் 60,000. இதுதான் தெருவின் சராசரி வருமானம்; கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பதினொரு வீட்டில் பத்து வீடு இந்தச் சராசரிக்குக் கீழே நிற்கிறது. 60,000 வாங்கும் குடும்பமோ, அதை ஒட்டிய தொகையை வாங்கும் குடும்பமோ பெரும்பாலான அந்த வீடுகளில் இல்லை. இடைநிலை என்பது வரிசையில் ஆறாவதாக நிற்கும் டீக்கடைக் குடும்பத்தின் 20,000. அந்தத் தெருவில் ஏதாவது ஒரு கதவைத் தட்டினால் உள்ளே இருக்கக்கூடிய நிலைமைக்கு இந்த எண்தான் பக்கத்தில் வருகிறது.

அடுத்த வருடம் ஆலைக்காரரின் வருமானம் மட்டும் 1,10,000 ரூபாய் கூடி 5,45,000 ஆகிறது என்றும், மற்ற யாருக்கும் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். தெருவின் சராசரி 60,000இலிருந்து 70,000 ஆகிவிடும். ‘சராசரி வருமானம் 17 சதவீதம் உயர்வு’ என்று தலைப்புப் போட்டால் அதை யாரும் மறுக்க முடியாது. இடைநிலையோ அதே 20,000. அதற்கு மாறாக, ஆலைக்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு சென்னைக்குப் போய்விட்டால் மீதிப் பத்து வீட்டின் சராசரி 22,500 ஆக விழும். இடைநிலை 18,000க்கும் 20,000க்கும் நடுவே 19,000 ஆகும். ஒரே ஒரு வீடு பூட்டப்பட்டதில் தெருவின் ‘சராசரி வருமானம்’ பாதிக்கும் கீழே சரிந்துவிட்டது. தெருவில் இருப்பவர்கள் யாரும் முன்பைவிட ஏழையாகவில்லை.

கற்பனைத் தெருவில் இந்த இடைவெளி வேண்டுமென்றே பெரிதாக வைக்கப்பட்டது. நிஜத்தில் எவ்வளவு இருக்கும் என்பதற்கு இலங்கை நல்ல சாட்சி. அங்கே தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் குடும்ப வருமான, செலவின ஆய்வு இரண்டு எண்களையும் சேர்த்தே வெளியிடுகிறது. 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 இலங்கை ரூபாய். இடைநிலை 53,333 ரூபாய். சராசரி இடைநிலையைவிட நாற்பது சதவீதத்துக்கும் மேல் அதிகம். மூன்று ஆண்டு முன்பு, 2016இல், சராசரி 62,237 ஆகவும் இடைநிலை 43,511 ஆகவும் இருந்தன. அப்போதும் விகிதம் ஏறக்குறைய அதேதான். ஒரு நாடு முழுவதற்குமான கணக்கில் ஒன்றே கால் மடங்கு, ஒன்றரை மடங்கு என்ற அளவில் இடைவெளி இருப்பது புதிதல்ல. ஊர் அளவுக்கு இறங்கும்போதுதான் இது விபரீதமாகிறது. நாட்டின் கோடிக்கணக்கான குடும்பங்களில் ஒரு பெரும் பணக்காரர் கரைந்துபோவார். சில ஆயிரம் குடும்பங்கள் உள்ள ஊரில் அவர் கரைய மாட்டார்.

இதற்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள டீட்டன் கவுண்டி. ஜாக்சன் என்ற மலையூர்தான் அதன் தலைநகர். மக்கள்தொகை ஏறக்குறைய 23,500. பனிச்சறுக்கு மைதானங்கள், தேசியப் பூங்கா, அதோடு மாநில அளவில் வருமான வரி கிடையாது என்ற சலுகை. இவை மூன்றும் சேர்ந்து பெரும் செல்வந்தர்களை அங்கே குடியேற வைத்திருக்கின்றன. அமெரிக்க அரசின் பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகம் கவுண்டிவாரியாகத் தனிநபர் வருமானத்தை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2021இல் டீட்டன் கவுண்டியின் தனிநபர் வருமானம் 3 லட்சம் டாலரைத் தாண்டியது. நாட்டிலேயே முதலிடம். இது மொத்த வருமானத்தைத் தலைகளால் வகுத்த எண், அதாவது சராசரி. குழந்தைகளும் அந்தத் தலைகளில் அடக்கம்.

அதே கவுண்டியைப் பற்றி அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் வேறோர் எண்ணை வைத்திருக்கிறது. 2018 முதல் 2022 வரை எடுத்த மாதிரி ஆய்வின்படி அங்குள்ள இடைநிலைக் குடும்ப வருமானம் சுமார் 1 லட்சத்து 8 ஆயிரம் டாலர். ஒரு தலைக்கு 3 லட்சம், ஒரு குடும்பம் முழுவதற்கும் 1 லட்சத்து 8 ஆயிரம்! முதல் எண்ணை வைத்து ஒருவர் மனக்கணக்குப் போட்டால், நான்கு பேர் உள்ள குடும்பத்தில் வருடத்துக்கு 12 லட்சம் டாலர் புரள வேண்டும். நடுவில் நிற்கும் நிஜக் குடும்பத்திடம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த வித்தியாசம் முழுவதும் கூட்டலிலிருந்தும் வரிசையிலிருந்தும் மட்டும் வந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். முதல் எண்ணின் வருமானத்தில் ஈவுத்தொகை, வட்டி, வாடகை எல்லாம் நிர்வாகப் பதிவுகளிலிருந்து திரட்டிச் சேர்க்கப்படுகின்றன. டீட்டனில் மொத்த வருமானத்தின் பெரும்பகுதியே இந்தச் சொத்து வழி வருமானம்தான். இரண்டாவது எண், வீட்டாரிடம் கேட்டு எழுதியது. ஆனால் அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் அடிப்படைக் காரணம் மாறாது. 23,500 பேர் உள்ள இடத்தில் 23.5 கோடி டாலர் ஈவுத்தொகை வாங்கும் ஒரே ஒருவர் குடியேறினால், ஊரிலுள்ள ஒவ்வொருவரின் ‘தனிநபர் வருமானம்’ 10,000 டாலர் ஏறிவிடும். ஓட்டலில் பாத்திரம் கழுவுபவரின் கணக்கிலும் அது ஏறும், காகிதத்தில் மட்டும். இடைநிலையில் அந்த ஒருவர் வெறும் ஒரு குடும்பம்தான். அவரிடம் 2 லட்சம் டாலர் இருந்தாலும் 23 கோடி இருந்தாலும் நடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் ஓர் ஆள் என்பதற்கு மேல் அவருக்கு மதிப்பில்லை.

அப்படியென்றால் டீட்டனின் உண்மை நிலவரத்தை இடைநிலை முழுமையாகச் சொல்லிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. வீட்டு வாடகை தாங்காமல், ஜாக்சனில் வேலை பார்ப்பவர்களில் பலர் டீட்டன் கணவாயைத் தாண்டி ஐடஹோ மாநிலத்திலுள்ள விக்டர், டிரிக்ஸ் ஊர்களில் குடியிருந்துகொண்டு தினமும் மலையேறி இறங்கி வந்து போகிறார்கள். 2024 ஜூனில் அந்தக் கணவாய்ச் சாலையின் ஒரு பகுதி நிலச்சரிவில் அப்படியே இடிந்து விழுந்தபோது ஜாக்சனின் ஓட்டல்களும் மருத்துவமனையும் ஆள் வராமல் திண்டாடுமோ என்ற கவலை எழுந்தது அதனால்தான். வருமானக் கணக்கு குடியிருக்கும் இடத்தை வைத்து எடுக்கப்படுகிறது. வேலை செய்யும் இடத்தை வைத்து அல்ல. ஆக, ஊரின் அடுப்பங்கரையில் நிற்பவர்கள் ஊரின் வரிசையில் நிற்பதில்லை. குறைந்த வருமானக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறும்போது, மீதி இருப்பவர்களில் யாருக்கும் சம்பளம் ஏறாமலேயே இடைநிலை மேலே நகரும். வாடகை எகிறும் ஊர்களைப் பற்றி ‘மக்களின் வருமானம் உயர்ந்தது’ என்று செய்தி வரும்போது, உயர்ந்தது வருமானமா, மாறியது மக்களா என்ற சந்தேகம் நியாயமானது.

இந்தியாவுக்கு வந்தால் சிக்கல் வேறு மாதிரி. இங்கே ஓர் ஊரின் இடைநிலை வருமானத்தை நாளிதழ் வெளியிட விரும்பினாலும் எடுத்துப் போட எண் கிடையாது. பத்தாண்டுக் கணக்கெடுப்பில் வீட்டுக்குக் கழிப்பறை உண்டா, எந்த அடுப்பில் சமையல், டிவி, இருசக்கர வாகனம் உண்டா என்றெல்லாம் கேட்டார்கள், வருமானத்தைக் கேட்கவில்லை. அதனால் தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் ‘அந்த மாவட்டத்தின் தனிநபர் வருமானம் இத்தனை லட்சம்’ என்று வரும் செய்தியின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. மாநில அரசின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை, ஒரு மாவட்டத்தின் எல்லைக்குள் ஓராண்டில் உற்பத்தியான பொருள்கள், சேவைகள் ஆகியவற்றின் கூடுதல் மதிப்பைக் கணக்கிடுகிறது. அதில் இயந்திரத் தேய்மானத்தைக் கழித்துவிட்டு, மதிப்பிட்ட மக்கள்தொகையால் வகுக்கிறது. அதுதான் தனிநபர் வருமானம் என்ற பெயரில் அச்சாகிறது.

இந்த எண் சராசரிதான் என்பது ஒருபுறம் இருக்க, முதலில் அது மக்களின் கைக்கு வந்த வருமானமே அல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் ஹூண்டாய் போன்ற பெரிய கார் ஆலைகள் இருக்கின்றன. அங்கே உருவாகும் மதிப்பில் தொழிலாளர் சம்பளமும் உண்டு, நிறுவனத்தின் லாபமும் உண்டு. லாபம் சியோலுக்குப் போனாலும் மும்பையிலுள்ள பங்குதாரருக்குப் போனாலும், உற்பத்தி நடந்த இடம் மாவட்டத்துக்குள் என்பதால் அது மாவட்டத்தின் கணக்கில் ஏறும். சம்பளத்திலும் ஒரு பகுதி, சென்னையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவர்களுடையது. வகுக்கும் எண்ணிலோ உத்திரமேரூர்ப் பக்கத்து நெல் விவசாயியும் காஞ்சிபுரத்துத் தறி நெசவாளியும் இருக்கிறார்கள். ஆலையின் லாபத்தில் அவர்களுக்கு ஒரு பங்கைக் காகிதத்தில் பிரித்துக் கொடுத்துவிட்டு, அதை அவர்களின் வருமானம் என்று பெயரிட்டால் எப்படி இருக்கும்? மாவட்டம் எவ்வளவு உற்பத்தி செய்கிறது என்று தெரிந்துகொள்ள இது பயனுள்ள அளவுதான். அங்கே வாழும் குடும்பம் எவ்வளவு சம்பாதிக்கிறது என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. மொத்தம் மட்டுமே தெரிந்த கணக்கு என்பதால் இதிலிருந்து இடைநிலையை வரவழைக்கவும் வழி கிடையாது. இடைநிலைக்கு ஒவ்வொரு குடும்பத்தின் எண்ணும், குறைந்தபட்சம் ஒரு மாதிரியிலுள்ள குடும்பங்களின் எண்களாவது, வரிசையாக வேண்டும்.

அப்படி வீடு வீடாகக் கேட்டு எடுத்த கணக்கு இந்தியாவில் செலவுக்கு இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2022 ஆகஸ்டு முதல் 2023 ஜூலை வரை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் நுகர்வுச் செலவைக் கேட்டறிந்தது. நகர்ப்புற இந்தியாவில் ஒருவருக்கு மாதச் செலவு சராசரியாக 6,459 ரூபாய், கிராமப்புறத்தில் 3,773 ரூபாய் என்பவையே தலைப்புகளில் வந்த எண்கள். ஆனால் அறிக்கைக்குள் இன்னோர் அட்டவணையும் இருந்தது. மக்களைச் செலவின்படி ஏறுவரிசையில் நிறுத்தி, அந்த வரிசையைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகச் சராசரி கொடுத்திருந்தார்கள். இடைநிலை என்ற தலைப்பில் எண் இல்லாவிட்டாலும், அதைக் கண்டுபிடிக்கத் தேவையானது அந்த அட்டவணையில் இருக்கிறது.

நகர்ப்புற வரிசையில் நூற்றுக்கு நாற்பதிலிருந்து ஐம்பது வரை நிற்பவர்களின் சராசரிச் செலவு 4,963 ரூபாய். ஐம்பதிலிருந்து அறுபது வரை நிற்பவர்களுக்கு 5,662 ரூபாய். நடுக்கோடு இந்த இரண்டு துண்டுகளும் சந்திக்கும் இடத்தில் இருப்பதால், இடைநிலை 5,300 ரூபாய் வாக்கில் இருக்க வேண்டும். தலைப்பில் வந்த 6,459 எங்கே நிற்கிறது என்று பார்த்தால், அறுபது முதல் எழுபது வரையிலான துண்டின் சராசரியான 6,524க்குச் சற்றுக் கீழே. அதாவது நகரவாசிகள் நூறு பேரில் ஏறக்குறைய 64 பேர் ‘சராசரி நகரவாசியை’விடக் குறைவாகச் செலவு செய்கிறார்கள். இழுத்தது யார் என்பதும் அதே அட்டவணையில் தெரிகிறது. உச்சியிலுள்ள ஐந்து சதவீதத்தினரின் சராசரிச் செலவு 20,824 ரூபாய். அவர்களுக்கு முந்தைய ஐந்து சதவீதத்தினருடையது 12,399. கடைசிப் படி மட்டும் அவ்வளவு உயரம். அடியிலுள்ள ஐந்து சதவீதத்தினரின் செலவு 2,001 ரூபாய். கிராமப்புற அட்டவணையிலும் இதே அமைப்புதான். சராசரியான 3,773 அங்கேயும் வரிசையின் அறுபதைத் தாண்டித்தான் விழுகிறது.

இது செலவு என்பதால் இடைவெளி இந்த மட்டில் நிற்கிறது. மாதம் பத்து லட்சம் சம்பாதிக்கிறவர் பத்து லட்சத்தையும் சாப்பாட்டுக்கும் துணிக்கும் செலவழிப்பதில்லை. மீதி வங்கிக்கோ நிலத்துக்கோ போகிறது. கீழே இருப்பவர் வருகிறதையெல்லாம் செலவழித்து, சில மாதம் கடனும் வாங்குகிறார். ஆகவே வருமானத்தில் சராசரிக்கும் இடைநிலைக்கும் உள்ள தூரம் செலவில் தெரிவதைவிட அதிகமாகவே இருக்கும். இன்னொரு விஷயமும் உண்டு. கணக்கெடுக்கப் போகிறவருக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டைத் தாண்டுவதே பெரும்பாடு. உள்ளே போனாலும் பெரும் பணக்காரர் உள்ளதை உள்ளபடி சொல்வது அரிது. அவர் சொல்லாமல் விட்ட ஒவ்வொரு ரூபாயும் சராசரியைக் குறைத்துவிடும். இடைநிலை அதற்கெல்லாம் அசையாது. அவர் வருமானத்தைப் பாதியாகச் சொன்னாலும் நடுக்கோட்டுக்கு மேலேதான் நிற்பார். வருமான ஆய்வுகளில் புள்ளியியலாளர்கள் இடைநிலையை முன்னால் வைப்பதற்கு இந்தப் பிடிவாதமும் ஒரு காரணம்.

இவ்வளவும் சொன்னபின் சராசரி ஏமாற்று, இடைநிலை உண்மை என்று முடிவுகட்டினால் அது தவறு. சராசரிக்கு ஒரு குணம் உண்டு. அதை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம் திரும்பக் கிடைக்கும். பதினொரு வீட்டுத் தெருவில் 60,000ஐப் பதினொன்றால் பெருக்கினால் 6,60,000 வரும். அந்தத் தெருவில் மாதம் எவ்வளவு பணம் வருகிறது என்று அறிய விரும்பும் வங்கி மேலாளருக்கு அந்த எண்தான் வேண்டும். வருமான வரித்துறைக்கும் அப்படியே, ஏனென்றால் வரியின் பெரும்பகுதி ஆலைக்காரர் வீட்டிலிருந்துதான் வரப்போகிறது. இடைநிலையான 20,000ஐப் பதினொன்றால் பெருக்கினால் 2,20,000 வரும். அது எதனுடைய மொத்தமும் அல்ல. பணம் எவ்வளவு இருக்கிறது என்பது கேள்வியானால் சராசரி, மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது கேள்வியானால் இடைநிலை. 40 ரூபாய்க்குச் சாப்பாடு போடும் மெஸ் ஒன்றை அந்தத் தெருவில் திறக்க நினைப்பவர் இடைநிலையைப் பார்ப்பதும், நகைக்கடை திறக்க நினைப்பவர் சராசரியையும் உச்சியையும் பார்ப்பதும் சரியே.

இடைநிலைக்குக் குருட்டுப்புள்ளியும் உண்டு. அதே தெருவில் டீக்கடைக்குக் கீழே இருக்கும் ஐந்து வீட்டிலும் வேலை போய் வருமானம் பூஜ்யமானாலும் இடைநிலை 20,000ஆகவே இருக்கும். மேலே நடப்பது அதற்குத் தெரியாதது போலவே கீழே நடப்பதும் தெரியாது. வரிசையில் இடம் மாறினால் ஒழிய அது நகராது. வறுமையை அளக்க விரும்புகிறவர்கள் நடுவீட்டோடு நிற்காமல், வரிசையின் அடியிலிருந்து பத்தாவது, இருபதாவது சதவீதத்தில் நிற்பவரின் வருமானத்தையும் கேட்பதற்கு இதுவே காரணம்.

அடுத்தது, நிருபர்கள் அவசரத்தில் செய்யும் ஒரு கணக்கு. நகராட்சியின் ஒவ்வொரு வார்டுக்கும் இடைநிலை தெரிந்தால், அவற்றைக் கூட்டி வகுத்து ஊரின் இடைநிலை என்று எழுதிவிடத் தோன்றும். அப்படிச் செய்ய முடியாது. ஒரு வார்டில் மூன்று குடும்பங்கள், வருமானம் 10,000, 12,000, 50,000, இடைநிலை 12,000. அடுத்த வார்டில் 20,000, 40,000, 45,000, இடைநிலை 40,000. இரண்டின் சராசரி 26,000. ஆனால் ஆறு குடும்பங்களையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவை 20,000மும் 40,000மும். ஊரின் இடைநிலை 30,000. கூட்டுச் சராசரியில் இந்தத் தொல்லை இல்லை. வார்டுகளின் சராசரியை மக்கள்தொகைக்கேற்ற எடை கொடுத்துச் சேர்த்தால் ஊரின் சராசரி வந்துவிடும். இடைநிலைக்கு எப்போதும் மூலப் பட்டியலுக்கே திரும்பிப் போக வேண்டும்.

சிறிய ஊர் என்றால் எந்த எண்ணாக இருந்தாலும் அது மாதிரியிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அமெரிக்காவில் 65,000 பேருக்குக் குறைவான ஊர்களுக்கு வழக்கமான ஓராண்டு எண்ணை வெளியிடுவதில்லை. ஐந்தாண்டு விடைகளைச் சேர்த்து ஒரே எண்ணாகத் தருகிறார்கள். பக்கத்தில் பிழை எல்லையும் அச்சிடுகிறார்கள். இடைநிலை 48,000 டாலர், பிழை எல்லை 9,000 என்று இருந்தால், உண்மை 39,000க்கும் 57,000க்கும் நடுவே எங்கேயோ இருக்கலாம் என்று பொருள். அந்த ஊரைப் பக்கத்து ஊரின் 51,000உடன் ஒப்பிட்டு ‘பின்தங்கியது’ என்று எழுதுவதற்கு அதில் ஆதாரமில்லை. நாளிதழில் முதலில் வெட்டுப்படுவது இந்தப் பிழை எல்லைதான். அதற்கு அடுத்தபடியாக வெட்டுப்படுவது ‘இடைநிலை’ என்ற சொல். வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் இடைநிலை என்று தெளிவாகக் குறிப்பிட்டிருந்தாலும் தமிழில் அது சராசரியாகிவிடுகிறது. எண் ஒருவருக்கா ஒரு குடும்பத்துக்கா, வரிக்கு முன்பா பின்பா, எந்த ஆண்டின் விலையில் என்பதெல்லாம் செய்தியின் கடைசிப் பத்தியில் இருந்தால் வாசகர் அதிர்ஷ்டசாலி.

இடைநிலையைத் தரவே முடியாமல் போகும் ஊர்களும் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் சிலிக்கான் பள்ளத்தாக்கை ஒட்டி ஆதர்ட்டன் என்று ஏழாயிரம் பேர் வாழும் ஓர் ஊர் உண்டு. கணக்கெடுப்பு அலுவலகம் இடைநிலைக் குடும்ப வருமானத்தை 2,50,000 டாலர் வரைதான் எண்ணாக எழுதும். அதைத் தாண்டினால் ‘2,50,000க்கு மேல்’ என்று மட்டும் போட்டு நிறுத்திவிடும். ஆதர்ட்டனில் நடுவில் நிற்கும் குடும்பமே அந்த எல்லையைத் தாண்டிவிட்டதால், அதன் இடைநிலை பொது அட்டவணையில் எண்ணாக இல்லை. இதே நிலையிலுள்ள பணக்கார ஊர்கள் எல்லாம் ஒரே மாதிரி ‘2,50,000க்கு மேல்’ என்று நிற்கும்போது, அவற்றில் எது முதலாவது என்று இடைநிலையை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் அமெரிக்காவின் பணக்கார ஊர்களைப் பட்டியலிட்ட ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் சராசரிக் குடும்ப வருமானத்தையே எடுத்துக்கொண்டது. 2020இல் வந்த பட்டியலில் ஆதர்ட்டன் 5 லட்சம் டாலருக்கும் மேலான சராசரியுடன் முதலிடத்தில் இருந்தது.